படத்தில் ஒரு வெட்டு

என் அண்ணன் பேத்தி நர்சிங் முடித்தவள். ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போவதற்காக அந்த மொழி படித்துக்கொண்டிருக்கிறாள். வகுப்பில் திரையில் காட்டிய ஒரு படத்தைக் கைபேசியில் பிடித்து அனுப்பி, "தாத்தா, இந்த வேலை எனக்கு எத்தனை வருஷம் நிலைக்கும்?" என்று கேட்டாள். புள்ளியியல் துறையில் முப்பது வருடம் இருந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

அது ஜப்பானின் மக்கள்தொகைப் பிரமிடு. நடுவில் வயது, கீழே பூஜ்யம், மேலே நூறு. இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். ஒவ்வொரு வயதுக்கும் ஒரு பட்டை. பட்டை நீண்டால் அந்த வயதில் ஆட்கள் அதிகம்.

பக்கவாட்டில் நின்று எடுத்த படம் என்பதால் முதலில் ஒன்றைச் சரிபார்த்தேன். கேமராவுக்கு அருகில் உள்ள பக்கம் பெரிதாகத் தெரியும். அடிக்கோட்டில் அளவுகள் குறித்திருப்பார்கள். இரண்டு பக்கமும் அந்தக் குறிகளுக்கு இடையே உள்ள தூரம் ஒன்றுபோல் இல்லையென்றால், கண்ணால் பார்த்து ஒப்பிடக் கூடாது. குறிகளை எண்ணித்தான் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, எந்த வருடத்துப் படம்? தலைப்பை முன்வரிசையில் இருந்தவரின் தலை மறைத்துவிட்டது. ஆனால் ஜப்பான் படத்தில் வருடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நம் பிரபவ, விபவ போல அவர்களுக்கும் அறுபது ஆண்டுச் சுற்று இருக்கிறது. அதில் 'நெருப்புக் குதிரை' ஆண்டில் பிறந்த பெண் கணவனுக்கு ஆகாதவள் என்று ஒரு நம்பிக்கை. நம்மூரில் மூல நட்சத்திரப் பெண்ணைச் சொல்வார்களே, அப்படி. 1966 அந்த ஆண்டு. 1965-இல் சுமார் 18 லட்சமாக இருந்த பிறப்பு, அந்த ஒரு வருடம் 13.6 லட்சமாக இறங்கி, அடுத்த வருடம் 19 லட்சத்தைத் தாண்டியது. அதனால் பிரமிடில் அரிவாளால் கொத்தியதுபோல் ஒரு வெட்டு இருக்கும். இந்தப் படத்தில் வெட்டு 54 வயதில் இருந்தது. 1966-உடன் 54-ஐக் கூட்டினால் 2020.

வருடம் தெரிந்ததும் மற்றவை பிடிபட்டன. 71 முதல் 73 வயது வரை ஒரு பெரிய புடைப்பு. போர் முடிந்து வீரர்கள் வீடு திரும்பியபின், 1947 முதல் 1949 வரை பிறந்தவர்கள் அவர்கள். 1949-இல் மட்டும் ஏறத்தாழ 27 லட்சம் குழந்தைகள். 46 முதல் 49 வரை இரண்டாவது புடைப்பு. முதல் கூட்டத்தின் பிள்ளைகள். அவர்களுடைய பிள்ளைகளால் இருபது வயதுகளில் மூன்றாவது புடைப்பு வந்திருக்க வேண்டும். அது வரவே இல்லை. அங்கிருந்து படம் குறுகிக்கொண்டே போய், 2020-இல் பிறந்தவர்கள் 8.4 லட்சம் என்ற அளவில் முடிகிறது. பிரமிடு என்று பெயர்தானே ஒழிய, அடி சிறுத்துப் பானை போல் நிற்கிறது.

இனி அவள் கேள்விக்கு வருகிறேன். இப்படிப்பட்ட படத்தை ஏணி போல நினைத்துக்கொள்ளலாம். வருடம் ஒன்று போனால் எல்லாரும் ஒரு படி ஏறுவார்கள். முதல் புடைப்பு முழுவதும் 2025-க்குள் 75-ஐத் தாண்டிவிட்டது. பராமரிப்புத் தேவை கூடும் வயது அது. இரண்டாவது புடைப்பில் கடைசி ஆள் 75-ஐ எட்டும்போது 2049 ஆகிவிடும். இப்போது இருபத்து நான்கில் இருக்கும் பேத்தி அன்று ஐம்பதை நெருங்கியிருப்பாள். ஜப்பான் அரசு ஆய்வு நிறுவனத்தின் கணிப்புப்படி 65-ஐத் தாண்டியவர்களின் எண்ணிக்கை 2043 வாக்கில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு குறையும். ஆனாலும், கவனித்துக்கொள்ள வேண்டிய இளைஞர் கூட்டம் கீழே அதற்குள் இன்னும் சிறுத்திருக்கும். ஆகவே அவளுக்கு எழுதினேன்: "உன் உழைக்கும் காலம் முழுக்க ஆள் தேவைப்படும்மா. உன் கைக்கு வருகிறவர்களில் பாட்டிகளே அதிகம். தொண்ணூறைத் தாண்டியவர்களில் பெண்கள் ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்."

சம்பளம் எவ்வளவு, எந்த ஊரில் ஆள் வேண்டும், எத்தனை பேர் படுக்கையில் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் இந்தப் படம் சொல்லாது. அதற்கு வேறு கணக்குகளைப் பார்க்க வேண்டும்.

நம்மிடமும் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் அறுபதைத் தாண்டியவர்கள் 2011-இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2031-இல் பதினெட்டுப் பேர் ஆவார்கள் என்று மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது. பேத்தியின் அம்மாவுக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. அப்போது அவளும் அறுபதை நெருங்கியிருப்பாள்.