மடலை உயர்த்தி, நாடாவை இழு

கடந்த ஜனவரியில், டெல்லியில் என் மடிக்கணினியின் விசிறி கரகரக்கத் தொடங்கியது. ஒரு வாரத்தில் அது நின்றே போனது. பத்து நிமிட வேலைக்குள் கணினி கொதித்துத் தானே அணைந்தது. பழுதுபார்க்கும் கடையில், “ஐந்து நாள் விட்டுச் செல்லுங்கள், கடவுச்சொல்லையும் எழுதிக் கொடுங்கள்” என்றனர். களப்பணியில் நான் பதிவுசெய்த உரையாடல்கள் அனைத்தும் அதற்குள் இருந்தன. ஆய்வாளரைத் தவிர வேறெவரும் கேட்கமாட்டார்கள் என்று வாக்களித்துப் பெற்ற குரல்கள் அவை. எனவே கணினியைக் கொடுக்காமல் திரும்பினேன். பதிவுகளை வெளித்தட்டில் நகலெடுத்து வைத்துவிட்டு, மாற்று விசிறி ஒன்றை வரவழைத்தேன்.

கணினியின் அடியில் ஒட்டியிருந்த மாதிரி எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து சேவைக் கையேட்டை இறக்கிக்கொண்டேன். ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் அத்தியாயம். அதன் தலைப்பில், அதற்கு முன்பு கழற்றவேண்டியவற்றின் பட்டியல். விசிறிக்கு முன் அடிமூடி, பேட்டரி இணைப்பு, விசிறியின் மேலாகச் செல்லும் ஒரு தட்டை நாடா. எதையும் தொடுமுன் அந்த அத்தியாயத்தை இருமுறை படித்தேன்.

அடிமூடியில் எட்டுத் திருகாணிகள். இரண்டு தளர்ந்தும் வெளியே வரவில்லை. பலங்கொண்டு இழுக்க எண்ணியபோது கையேட்டின் படம் தடுத்தது: அவை மூடியோடு பிணைந்தே இருப்பவை. மற்ற ஆறில் நான்கு 6 மி.மீ. நீளம், இரண்டு 4 மி.மீ. நீளம். குட்டைத் திருகாணியின் துளையில் நெட்டையைச் செலுத்தினால் அது மேற்புறத்தைத் துளைக்கலாம், உள்ளிருக்கும் பலகையைக் கீறலாம். அதனால் ஓர் அட்டையில் கணினியின் உருவை வரைந்து, ஒவ்வொன்றையும் அதன் இடத்திலேயே குத்திவைத்தேன். மூடியைப் பிரிக்க இரும்பை நாடாமல், பிளாஸ்டிக் நெம்பியால் விளிம்பைச் சுற்றிவந்தேன்.

அடுத்த அச்சம் நிலைமின்சாரம். ஹீட்டர் உலர்த்திய அறைக் காற்றில் கம்பளிச் சட்டையைக் கழற்றினாலே பொறி தெறிக்கும். கைக்குச் சுருக்கென்று தெரியும் அதிர்ச்சிக்கே ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். சில்லுகள் கெடுவதற்கோ அதில் சிறு பங்கு போதும். நமக்குத் தெரியாமலே பழுது நேரலாம், அது சில மாதங்கள் கழித்து வெளிப்படவும் கூடும். என்னிடம் மணிக்கட்டுப் பட்டை இல்லை. கம்பளியைக் களைந்து, பருத்திச் சட்டையுடன் துறையின் மரமேசையில் அமர்ந்தேன். அருகே மூன்றுமுனைச் செருகியில் இணைந்திருந்த மேசைக்கணினியின் வண்ணம் பூசாத உலோகப் பின்புறத்தை, ஒவ்வொரு முறை எழுந்து அமரும்போதும் தொட்டுக்கொண்டேன்.

முதலில் பேட்டரியின் இணைப்பைப் பிரித்தேன். அணைத்துவைத்த கணினியிலும் சில தடங்களில் மின்சாரம் இருக்கும். பின்னர், எஞ்சிய மின்னூட்டம் வடிய, இயக்கப் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தேன்.

பிறகு அந்த நாடா. அதன் இணைப்பானில் நகத்துண்டு அளவே ஆன ஒரு கறுப்பு மடல் உண்டு. அது மூடியிருக்கும்போது நாடாவை இறுகப் பிடித்திருக்கும். உயர்த்தினால் பிடி முற்றும் விட்டுவிடும். “மடலை உயர்த்திய பின்” என்பதை ஆங்கிலக் கையேடு வாக்கியத்தின் கடைசியில் வைத்திருந்தது. நாடாவைப் பிரிக்கும் கட்டளையே முன்னால் நின்றது. அவசரக்காரன் பாதி வாக்கியத்திலேயே இழுத்துவிடுவான். நான் அதைத் தாளில் தமிழாக்கி எழுதிக்கொண்டேன்: மடலை உயர்த்தி, நாடாவை இழு. நம் வினையெச்சம் செயல்களை நடக்கும் வரிசையிலேயே அடுக்கித் தருகிறது. நகத்தால் உயர்த்தினேன், நாடாவின் முனையிலுள்ள நீலப்பட்டையைப் பற்றி நேராக இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் வந்தது. எதிர்ப்புத் தெரிந்தால் மடல் இன்னும் திறக்கவில்லை என்று பொருள்.

புதிய விசிறியைப் பொருத்தி, எல்லாவற்றையும் மூடி, கணினியை இயக்கினேன். விசிறி ஓசையின்றிச் சுழன்றது. ஆனால் ஹெட்ஃபோன் ஒலிக்கவில்லை. வலப்புற யூஎஸ்பி துளையும் உயிரற்றிருந்தது. ஒரே நேரத்தில் இரண்டும் கெட்டிருக்க வாய்ப்பில்லை. கையேட்டின் படத்தில் இரண்டும் ஒரே சிறு பலகையில் இருந்தன. அந்தப் பலகைக்குச் செல்வதே நான் கழற்றிய நாடா. மீண்டும் திறந்து, மீண்டும் பேட்டரியை முதலில் பிரித்துப் பார்த்தேன். நாடாவின் குறுக்கே அச்சிட்ட வெள்ளைக்கோடு இணைப்பானின் விளிம்புக்கு இணையாக இல்லாமல், ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் வெளியே சாய்ந்திருந்தது. மடலை உயர்த்தி, நாடாவை முற்றும் உட்செலுத்தி, கோடு நேரானதைக் கண்டபின் மடலைச் சாய்த்தேன்.

அட்டையில் ஒரு திருகாணியும் மிஞ்சவில்லை. ஹெட்ஃபோனை மாட்டிக் கடைசியாகப் படியெடுத்த கோப்பைத் திறந்தேன். விட்ட இடத்திலிருந்து அந்த மூதாட்டி தன் கதையைத் தொடர்ந்தார்.