பேருந்து சுருங்குவதில்லை

எங்களிடம் இளங்கலைத் தமிழ் படித்த மாணவி ஒருத்தி, தஞ்சையில் ஒரு சிறிய இயந்திர உதிரிபாக நிறுவனத்தில் கணக்கெழுதுகிறாள். அலுவலகத்தாரின் ஒருநாள் சுற்றுலாவுக்குச் செலவுத் திட்டம் போடும் பொறுப்பு சென்ற ஆண்டு அவள் தலையில் விழுந்தது. தரங்கம்பாடிக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டையும் கடலும் இருக்கும் ஊர். இலக்கணம் கற்பித்தவர்களுக்குக் கணக்கும் வருமென்று நம்பி எங்கள் வீட்டுக்கு வந்தாள். உட்கார்ந்து பார்த்தோம்.

போகிறவர்கள் 26 பேர். செலவை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம்: ஆள் குறைந்தாலும் குறையாதவை, ஆளுக்கேற்பக் குறைபவை. பேருந்து வாடகை 14,000 ரூபாய், ஓட்டுநருக்கும் கிளீனருக்கும் படி 1,000, சுங்கம், வண்டி நிறுத்தக் கட்டணம் 1,000. இந்த 16,000 குறையாத செலவு. சாப்பாடு, தேநீர் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 300. ஓட்டுநரும் கிளீனரும் சாப்பிடுவார்கள் என்பதைப் பலர் மறந்துவிடுவதால், 28 பேருக்கு 8,400 என்று எழுதினோம். நுழைவுச்சீட்டு முதலியவற்றுக்கு ஆளுக்கு 50 வீதம் 1,300. எதிர்பாராததற்கு 2,300. ஆக 28,000 ரூபாய்.

முதலாளி தலைக்கு 575 ரூபாய் தருவதாகச் சொல்லியிருந்தார். 26 பேருக்கு ஏறக்குறைய 15,000. மீதியைப் பங்கிட்டால் ஆளுக்கு 500 ரூபாய். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி வாரத்தில் ஆறு பேர் வரவில்லை என்றால்? இதுபோன்ற பயணங்களில் அது நடக்காதிருந்தால்தான் வியப்பு. மொத்தச் செலவு 25,900-க்கு இறங்கும். முதலாளியின் பங்கோ 11,500 ஆகிவிடும். எஞ்சிய 20 பேரும் ஆளுக்கு 720 கொடுக்க வேண்டும். அதைக் கேட்டு இன்னும் இருவர் விலகுவார்கள். அதே முதலாளி அதே 15,000-ஐத் தலைக்கணக்கின்றி மொத்தமாகத் தந்தால், 20 பேர் போனாலும் ஆளுக்கு 545-தான்.

"வராதவனுக்கும் சேர்த்து நான் ஏனம்மா கொடுக்கணும்?" என்று அவர் கேட்டாராம். நியாயமான கேள்விதான். பேருந்து சுருங்குவதில்லை என்பதே பதில். நிறுவனத்தின் பணத்தை வண்டிக்கென்று ஒதுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லியனுப்பினோம். வண்டிக்கு என்றதும் அவருக்கும் மனம் ஒப்பியது. ரசீது ஒன்று கையில் வருமல்லவா!

அடுத்தது ஊழியர் பங்கு 13,000. எல்லாரும் சமமாக 500 என்பதுதான் அங்கே வழக்கம். அதற்கு முந்தைய ஆண்டு துப்புரவுப் பணியாளர் இருவரும் காவலாளியும் "ஊரில் வேலை" என்று சொல்லி நின்றுவிட்டதை அவளே சொன்னாள். மூவருக்கும் ஒரே நாளில் ஊரில் வேலை! அவர்களுக்கு 500 என்பது ஒருநாள் கூலி. மேலாளருக்கு அது ஒரு மாலைச் சிற்றுண்டி.

எனவே மூன்று படிகள் வைத்தோம். மேல்நிலையில் இருந்த எட்டுப் பேர் தலா 900, நடுவில் இருந்த பத்துப் பேர் தலா 500, உதவியாளர், காவலாளி முதலிய எட்டுப் பேர் தலா 100. கூட்டினால் சரியாக 13,000 வந்தது. கடைசி எட்டுப் பேருக்கு ஒன்றும் வேண்டாமென்றே முதலில் எழுதியிருந்தோம். அவள் அதை அலுவலகத்தில் சொன்னபோது காவலாளி மறுத்துவிட்டார்: "சும்மா வரமாட்டோம்மா. எங்க பேருலயும் ஒரு தொகை எழுதிக்கோ." அந்த நூறு ரூபாய் எங்கள் யோசனையன்று, அவருடையது. யார் எவ்வளவு என்ற பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல், ஒவ்வொருவரிடமும் தனியே சொல்லி வாங்கினாள்.

வண்டி பேசும்போது கேட்கவேண்டிய இரண்டையும் சொல்லிவிடுகிறோம். வாடகை 250 கிலோமீட்டருக்கு. அதற்குமேல் கிலோமீட்டருக்கு 40 ரூபாய். அந்தத் தூரத்தை நாம் ஏறும் இடத்திலிருந்து எண்ணுவதில்லை, ஷெட்டிலிருந்து ஷெட் வரை எண்ணுவார்கள். இன்னொன்று, தரங்கம்பாடிக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் காரைக்கால் வந்துவிடுகிறது. அது புதுச்சேரி ஒன்றியப் பகுதி. "அப்படியே காரைக்காலையும் பார்த்துவிடலாம்" என்று வண்டிக்குள் யாராவது சொல்வதற்கு முன்பே பர்மிட் உண்டா என்று கேட்டுவைப்பது நல்லது.

அவர்கள் காரைக்கால் போகவில்லை. 26 பேருமே போனார்கள், மூவரும் உட்பட. திரும்பும் வழியில் பூம்புகாருக்குத் திரும்பியதில் 25 கிலோமீட்டர் கூடி, 1,000 ரூபாய் ஒதுக்கீட்டிலிருந்து போயிற்று. 1,300 மிஞ்சியது. அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார் மேலாளர். அடுத்த ஆண்டு யார் இருப்பார், யார் வேலையை விட்டிருப்பார்? நிறுவனப் பணம் முழுதும் வண்டிக்கே தீர்ந்துவிட்டதால் மிச்சம் ஊழியருடையது. கொடுத்த விகிதத்திலேயே, பத்தில் ஒரு பங்காகத் திருப்பினாள்: 900 தந்தவருக்கு 90, 500 தந்தவருக்கு 50, காவலாளிக்குப் பத்து. அவர் எண்ணி வாங்கிக்கொண்டு, வவுச்சரில் கையெழுத்தும் போட்டாராம்.