ஒரு முகம், அறுபத்து நான்கு பைட்டுகள்

எங்கள் விளையாட்டு வெளியாகி நான்காவது மாதம் ஒரு சிறு திருத்தம் வெளியிட்டோம். மறுநாள் ஒரு பெண் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். இரண்டிலும் அவர் உருவாக்கிய அதே கதாபாத்திரம். முதல் படத்தில் மூக்கு அகன்று, நுனி சற்றே தடித்திருந்தது. இரண்டாவதில் மூக்கு மெலிந்து, எங்கோ பார்த்த முகம்போல ஆகியிருந்தது. “நான் எதையும் தொடவில்லை. இது என் ஆள் இல்லை” என்று எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. தொட்டவன் நான்தான்.

என்ன நடந்தது என்பது புரிய, அவர் கணினியில் அவருடைய முகம் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். அங்கே முகமே கிடையாது. எங்கள் தலை மாடலில் ஏறக்குறைய 6,000 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள், எண்ணுக்கு நான்கு பைட். அப்படியே சேமித்தால் ஒரு முகத்துக்கு 72,000 பைட் ஆகும். நாங்கள் அப்போது சேமித்தது 64 பைட் மட்டுமே, ஒரு ஸ்லைடருக்கு ஒன்று. எல்டன் ரிங் விளையாட்டில் ஸ்லைடர்கள் 0 முதல் 255 வரை போவதும் ஒரு பைட்டின் எல்லைதான். அதனால்தான் அதை ஆடுபவர்கள் ஒரு முகத்தை வெறும் எண் பட்டியலாக எழுதி மற்றவருக்குக் கொடுக்க முடிகிறது.

மீதியெல்லாம் விளையாட்டுக்குள் இருக்கிறது. நடுநிலையான ஒரு தலையைச் செய்துவைப்போம். அதையே நகலெடுத்து, மூக்கை மட்டும் எவ்வளவு அகலப்படுத்தலாமோ அவ்வளவு அகலமாகச் செதுக்குவோம். ஒவ்வொரு புள்ளியும் பழைய இடத்திலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரம் நகர்ந்தது என்ற வித்தியாசத்தை எடுத்து வைத்துக்கொள்வோம். இதை நாங்கள் டெல்டா என்போம். ஸ்லைடர் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பாதி வழியில் நின்றால் ஒவ்வொரு புள்ளியும் அதன் டெல்டாவில் பாதித் தூரம் போகும். அந்தப் பெண் வைத்திருந்த எண் 201. அது மூக்கின் அளவைச் சொல்வதில்லை. “நீங்கள் வைத்திருக்கும் டெல்டாவில் இவ்வளவு பங்கு” என்று மட்டுமே சொல்கிறது. அந்த டெல்டாவை அழகாக இருக்கட்டும் என்று நான் மறுபடி செதுக்கிவிட்டேன். எண் மாறவில்லை, அதன் பொருள் மாறிவிட்டது.

பைட்டை அந்தப் பங்காக, அதாவது எடையாக, மாற்றுவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மூக்கு அகலவும் வேண்டும், ஒடுங்கவும் வேண்டும். ஆகவே எடை -1 முதல் +1 வரை. 0 முதல் 255 வரையுள்ள எண்களுக்குச் சரிநடு 127.5. அப்படி ஒரு பைட் இல்லை. முதலில் இதைக் கவனிக்காமல் விட்டோம். யாரும் தொடாத முகத்தைச் சேமித்துத் திறந்தால், 64 ஸ்லைடர்களும் நடுவிலிருந்து மயிரிழை விலகி நின்றன. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத விலகல்தான். ஆனால் “மாற்றியிருக்கிறீர்கள், சேமிக்கவா?” என்று நிரல் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது 128 என்றால் சுழியம் என்று வைத்துக்கொள்கிறோம், 0 என்ற மதிப்பை எதற்கும் பயன்படுத்துவதில்லை.

```
w = (b - 128) / 127.0
```

வாயோரம் அதிகபட்சம் 9 மில்லிமீட்டர் நகர்கிறது என்றால், ஒரு படிக்கு 0.07 மில்லிமீட்டர். அதற்குமேல் நுணுக்கம் எந்தக் கண்ணுக்கும் தேவையில்லை.

ஒரு ஸ்லைடரைச் செதுக்குவது கடினமில்லை. இரண்டு ஸ்லைடர்கள் சந்திக்கும் இடம்தான் இந்த வேலையின் உயிர். வாயை அகலப்படுத்தும்போது வாயோரம் 9 மில்லிமீட்டர் வெளியே போகிறது. முகம் வளைந்திருப்பதால் அது 3 மில்லிமீட்டர் பின்னாலும் போக வேண்டும். அப்படித்தான் செதுக்கியிருந்தேன், நடுநிலைத் தலையில் கச்சிதமாக இருந்தது. முகத்தை ஒடுக்கும் ஸ்லைடரும் தனியாகப் பார்த்தால் சரி. இரண்டையும் கடைசிவரை இழுத்தபோது வாயோரம் வாத்தின் அலகுபோல முன்னால் துருத்தி நின்றது. ஒடுங்கிய முகம் இன்னும் வேகமாகப் பின்னால் வளைகிறது; அங்கே 3 மில்லிமீட்டர் போதாது, 5 வேண்டும். டெல்டாக்கள் ஒன்றையொன்று அறியாமல் நேர்க்கோட்டில் கூடுகின்றன. நேராக வரும் வெளிச்சத்தில் இந்தக் குறை தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, முகத்தைச் சிரிக்கவைத்துப் பார்க்க வேண்டும். சிரிப்பும் ஒரு டெல்டாதான், அதே வாயோரத்தை இன்னும் வெளியே தள்ளும். அப்போது கன்னத்தில் இருக்கக் கூடாத இடத்தில் ஒரு நிழல் விழும்.

இதற்கு மருந்து, இரண்டும் சேரும்போது மட்டும் வேலைசெய்யும் மூன்றாவது டெல்டா. வாயோரத்தைச் சுற்றியுள்ள நாற்பது புள்ளிகளை மட்டும் பின்னால் இழுக்கும் C ஒன்றைச் செதுக்கினேன். அதன் எடை, வாயின் எடை a, முகத்தின் எடை b இரண்டின் பெருக்கல்.

```
v = v0 + a*A + b*B + max(0,a)*max(0,b)*C
```

அந்த `max` முதலில் இல்லை. குறையையும் குறையையும் பெருக்கினால் கூட்டல் குறி வரும் என்பதை மறந்திருந்தேன். சிறிய வாயும் அகன்ற முகமும் உள்ளவர்களுக்கு வாயோரம் குழிந்து, பல் விழுந்தவர்கள்போல ஆனார்கள். 64 ஸ்லைடர்களில் இரண்டிரண்டாக 2,016 சேர்க்கைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் திருத்தம் செய்ய ஆயுள் போதாது. பதினொன்றுக்குச் செய்தோம், வேறு சிலவற்றுக்கு ஸ்லைடரின் எல்லையையே குறைத்தோம்.

வேறு வழியும் உண்டு. 1999இல் பிளான்ஸ், வெட்டர் என்ற இருவர் 200 பேரின் தலைகளை ஸ்கேன் செய்து, மனித முகங்கள் உண்மையில் எந்தெந்தத் திசைகளில் வேறுபடுகின்றன என்று கணக்கிட்டார்கள். அதே வகைச் சிந்தனையில் வந்த ஃபேஸ்ஜென் மென்பொருளை 2006இல் வெளியான ஆப்ளிவியன் பயன்படுத்தியது. அதில் ஒரு முகம் என்பது சமச்சீரான வடிவத்துக்கு 50 எண்கள், இடவலம் மாறும் வடிவத்துக்கு 30, தோலின் நிறத்துக்கும் தன்மைக்கும் 50. திரையில் காணும் “தாடை”, “புருவம்” ஆகிய ஸ்லைடர்கள் அந்த எண்வெளிக்குள் சாய்வாகப் போகும் பாதைகள். தாடையை நகர்த்தினால் வேறு ஸ்லைடர்கள் தாமாக நகர்வதைப் பார்த்து ஆடுபவர்கள் எரிச்சலடைந்தார்கள். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. உண்மையான முகத்திலும் தாடை தனியாக வளர்வதில்லை.

எங்கள் “ஏதாவது ஒரு முகம்” பொத்தான் உண்மையான முகங்களைப் பற்றி இன்னொன்றை எனக்குச் சொல்லிக்கொடுத்தது. முதலில் ஒவ்வொரு ஸ்லைடருக்கும் எல்லைக்குள் ஏதோ ஓர் எண்ணைச் சமவாய்ப்பில் போட்டோம். வந்தவர்கள் எல்லாரும் பூதங்கள். ஒரு ஸ்லைடர் கடைசிப் பத்து சதவீதத்தில் போய் நிற்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று. 64 ஸ்லைடர் என்றால் ஒவ்வொரு முகத்திலும் சராசரியாக ஆறு அம்சங்கள் உச்சத்தில் நிற்கும். தெருவில் போகிறவர்களிடம் ஒன்று இருந்தாலே நாம் நினைவில் வைத்திருப்போம். நடுவை ஒட்டி அதிகமாகவும் ஓரத்தில் அரிதாகவும் விழும்படி மாற்றிய பிறகுதான் மனிதர்கள் வந்தார்கள்.

மூக்குக்குத் திரும்புகிறேன். என் புதிய டெல்டாவைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. பழையதை இழந்தவர்களுக்கு அதைத் திருப்பித் தராமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் இரண்டையும் விளையாட்டுக்குள் வைத்தோம். 64 பைட்டுகளுக்கு முன்னால் இன்னொரு பைட் சேர்த்தோம், எந்தப் பதிப்பில் செய்த முகம் என்று சொல்வதற்கு. அந்தப் பைட் இல்லாத பழைய கோப்பு பழைய மூக்கோடு திறக்கும். ஸ்லைடர்களின் வரிசையையும் பூட்டிவிட்டோம். புதிய ஸ்லைடர் கடைசியில்தான் சேரும். நடுவில் செருகினால் காதின் எண் கண்ணுக்குப் போய்விடும்.

இப்போது ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால், சேமித்து வைத்த நாற்பது முகங்களைத் திறந்து, பழைய படங்களோடு புள்ளி புள்ளியாக ஒப்பிடுகிறோம். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு, அவருடைய ஆளும் அந்த நாற்பதில் ஒருவர்.