புலி என் பக்கம்

என்மேல் விழுந்த சொல்லுக்குக் கொதித்தேன். பக்கத்தில் இருந்தவர்மேல் விழுந்த சொல்லுக்கு வாய் திறக்காமல் இருந்தேன். அந்த மௌனத்தைத்தான் என் பொறுமை என்று நம்பிக்கொண்டிருந்தேன். திருவண்ணாமலையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஆடுபுலி ஆட்டத்துக்கு ஆள் கூட்டி நடத்துகிறவன் என்கிற முறையில் இதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் கூட்டம் சின்னது. ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போடுவோம். ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குக் கூழாங்கல். பௌர்ணமி வந்தால் தெருவில் நடக்க இடமிருக்காது, அந்த வாரம் கூடுவதில்லை. கிரிவலத்துக்கு வந்து ஊரில் தங்குகிற ஆந்திர, கர்நாடகக் குடும்பங்கள் எட்டிப் பார்க்கும். செங்கம், போளூர் பக்கத்துப் பெரியவர்களும் வந்து உட்காருவார்கள். ஆட்டம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் விதி ஒருவருக்கொருவர் வேறு. சண்டை பிறப்பது அங்கேதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முக்கோணம், அதன் உச்சியிலிருந்து அடிவரை நாலு கோடு. அவற்றை மூன்று கிடைக்கோடுகள் வெட்டிக்கொண்டு இரு பக்கமும் வெளியே நீளும். அந்த நுனிகளை மேலும் கீழுமாக இணைத்தால் ஒரு செவ்வகம் கிடைக்கும். மொத்தம் 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. ஆட்டை ஒவ்வொன்றாக ஊன்ற வேண்டும். 15-ம் இறங்கிய பிறகுதான் ஆடு நகரலாம். பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதே நேர்கோட்டில் அதற்கடுத்த புள்ளி காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டும். மூன்று புலியையும் நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி. ஐந்து ஆடு போனால் புலிக்கு வெற்றி என்பது நாங்கள் வைத்துக்கொண்ட கணக்கு. ஆடு தீரும்வரை வெட்ட வேண்டும் என்று ஆடுகிற ஊர்களும் உண்டு.

புதிதாக வருகிறவர் கையில் நாங்கள் எப்போதும் ஆட்டைக் கொடுத்தோம். அது மரியாதை போலத் தெரிந்தது. உண்மைக் காரணம் வேறு. பழகியவர்களுக்குப் புலி ஆடத்தான் ஆசை, எனக்கு எல்லோரையும்விட அதிகம். ஒருநாள் ஒருவர் வந்தார். ஆடு வைத்தார், தோற்றார். மறுபடி வைத்தார், இன்னும் சீக்கிரம் தோற்றார். எழுந்து நின்று சத்தமாகச் சொன்னார்: "ஆடு வச்சவன் தோக்குறதுக்குன்னே ஒரு ஆட்டமா? புதுசா வர்றவன ஏமாத்தி நீங்க ஜெயிச்சிக்கிறீங்க."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம், உமக்குக் கட்டம் கோணல் போலிருக்கு" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு வரவேயில்லை.

பல வாரம் கழித்து, யார் யாருடன் ஆடினார்கள், யார் ஜெயித்தார்கள் என்று குறித்து வைக்கிற நோட்டைப் புரட்டினேன். புதியவர் கையில் ஆடு ஜெயித்த ஆட்டம் ஒன்றுகூட அதில் இல்லை. அந்த மனிதர் பேசிய விதம்தான் முரடு, விஷயம் சரி. ஆட்டுப் பக்கம் ஆட முன்யோசனை அதிகம் வேண்டும். எங்கள் கட்டத்தில் செவ்வகத்தின் நாலு மூலையிலும் முக்கோண அடியின் இரண்டு மூலையிலும் வைத்த ஆட்டை எந்தப் புலியாலும் வெட்ட முடியாது. அங்கே எல்லாக் கோடும் முடிந்துவிடுவதால் தாண்டி இறங்க இடமில்லை. முதல் ஆடுகள் அந்த ஆறு இடங்களுக்குப் போக வேண்டும். பிறகு ஒரு ஆட்டுக்குப் பின்னால் இன்னொரு ஆடு என்று முதுகு காத்தபடி உள்ளே வர வேண்டும். பழகாதவர்கள் நடுவில் வைப்பார்கள், நாங்கள் வெட்டிக்கொண்டே இருப்போம். இந்த ஆறு இடத்தையும் நான் யாருக்கும் முதல் நாள் சொல்லிக்கொடுத்ததில்லை. தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன் என்றால் அது பாதி உண்மைதான். வெட்டுகிற சுகத்தை இழக்க எனக்கு மனமில்லை.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது.

எங்களில் மிக நன்றாக ஆடுகிறவர் ஒருவர் உண்டு. அவர் உட்கார்ந்தால் வேடிக்கை பார்க்கவே ஆள் சேரும். ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் அவருக்கு எதிராக ஆடு வைத்து, பன்னிரண்டாவது ஆடு வரைக்கும் ஒன்றுகூட இழக்காமல் போய்க்கொண்டிருந்தாள். அவர் கட்டத்தைப் பார்த்தபடியே, "பொம்பளப் புள்ளைக்குப் பல்லாங்குழி போதாதா?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அடுத்த ஆட்டை அவள் வைத்த இடம் தப்பு, அங்கிருந்து ஆட்டமே சரிந்தது. எனக்கு நன்றாகக் கேட்டது. நான் நோட்டில் ஏதோ எழுதுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டால் கூட்டம் கலைந்துவிடும் என்ற பயம். வீட்டுக்கு வரும்போது, பெரிதுபடுத்தாமல் பொறுமையாகச் சமாளித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் வருவது நின்றது. சின்னக்கடைத் தெருவில் அவள் அம்மாவைப் பார்த்தபோது, "பரீட்சைங்கண்ணா" என்றார். பரீட்சை இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

அந்த ஞாயிறு, ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அந்த ஆட்டக்காரரை நிறுத்தினேன். "அன்னிக்கு அந்தப் பொண்ணுகிட்ட நீங்க சொன்ன வார்த்தை இந்தத் திண்ணைல இனி வேணாம்ண்ணே. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும்" என்றேன். அவர் குணத்தைப் பற்றியோ வயதைப் பற்றியோ எதுவும் பேசவில்லை. அவர் முறைத்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். இப்போதும் வருகிறார், அந்த மாதிரிப் பேச்சு இல்லை. மன்னிப்பு அவர் கேட்கவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அவள் தலையாட்டினாள், திரும்பி வரவில்லை.

இப்போது குறையைக் கேட்கும் முறையை மாற்றியிருக்கிறேன். ஆட்டத்தைப் பற்றியோ என்னைப் பற்றியோ யார் எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும், அவர் சொன்ன வார்த்தையிலேயே நோட்டில் எழுதிக்கொள்கிறேன். எழுதுகிற நேரத்தில் பதில் சொல்ல முடியாது, அந்த இடைவெளி எனக்குத் தேவைப்படுகிறது. பிறகு ஒரே கேள்வி: "எந்த இடத்துல அப்படித் தோணுச்சு, கட்டத்துல காட்டுங்க." இன்னொரு ஆட்டக்காரரை இழிவாகப் பேசினால் எழுதுவதில்லை, அங்கேயே ஆட்டத்தை நிறுத்துகிறேன்.

போன மாதம் சித்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், மூன்று புலியையும் நாங்கள் முதலிலேயே வைப்பதைப் பார்த்து, "இதென்ன ஆட்டம், தெரியாதவங்க சொல்லிக் குடுத்ததா?" என்றார். காது சூடானது. எழுதிக்கொண்டேன். கட்டத்தில் காட்டச் சொன்னேன். ஒரு ஆடு, ஒரு புலி என்று மாற்றி மாற்றி வைத்தார். அப்படி வைத்தால் முதல் புலி நகரும்போது கட்டத்தில் நாலு ஆடு இருக்கும். எங்கள் முறையில் ஒன்றுதான் இருக்கும். ஆறு மூலையில் நாலு அதற்குள் ஆட்டின் கைக்கு வந்துவிடலாம். இரண்டு ஆட்டம் அவர் முறையில் ஆடினோம், நான் ஆடு வைத்தேன். இரண்டிலும் தோற்றேன், ஆனால் இரண்டாவதில் இரண்டு புலி அடைபட்டிருந்தது. இப்போது புதியவர்களுக்கு அந்த முறைதான். புலியா ஆடா என்று அவர்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.