ஒரு நிமிட வேகம்

கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்குக் கார்டைக் காலி செய்வது தனி வேலை. முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கிற இடைவெளியில், கேமராவில் இருப்பதையெல்லாம் லேப்டாப் வழியாகக் கையடக்க எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட வேண்டும். 200 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் அட்டையில் நொடிக்கு 1,000 எம்பி என்று போட்டிருக்கும். கையில் 900 கிடைத்தாலே நான்கு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். காப்பி தொடங்கும்போது 900 வரவும் செய்யும். ஒரு நிமிடம் போனதும் எண் சரிந்து 300க்கு வந்து நிற்கும். அதற்குள் 54 ஜிபி போயிருக்கும். மிச்சமுள்ள 146 ஜிபிக்கு இன்னும் எட்டு நிமிடம் வேண்டும்.

அது ஏன் சரியாக ஒரு நிமிடம் என்ற கேள்விதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது. அதற்கு விடை அந்தச் சில்லுப் பலகையின் எடையில் இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் எம்.2 எஸ்எஸ்டி ஏறத்தாழ எட்டு கிராம்தான். முழு வேகத்தில் எழுதும்போது ஐந்து வாட் அளவுக்குச் சூட்டைக் கக்குகிறது என்று கொண்டால், அந்த எட்டு கிராம் நொடிக்கு முக்கால் டிகிரி சூடேறும். மண்டபத்தில் 35 டிகிரி வெப்பம் என்றால், சாதாரண டிரைவ்களின் விவரக்குறிப்பில் வேலை செய்யும் எல்லையாகப் போட்டிருக்கும் 70 டிகிரியைத் தொட முக்கால் நிமிடம் போதும். கொஞ்சம் சூடு அக்கம்பக்கத்தில் கசிவதால் அது ஒரு நிமிடமாக நீள்கிறது. அதாவது ஒரு நிமிடத்தில் வேகம் விழுகிறது என்றால், சூட்டில் பெரும்பகுதி அந்தப் பலகையை விட்டு வெளியே போகவே இல்லை என்று பொருள்.

இதே பலகையை நூறு கிராம் அலுமினியப் பெட்டியோடு நன்றாக ஒட்ட வைத்தால் கணக்கு தலைகீழாகும். இப்போது ஐந்து வாட் சூடேற்ற வேண்டியது எட்டு கிராமை இல்லை, நூற்றுச் சொச்சம் கிராமை. அதே 35 டிகிரி ஏறப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். சில்லுக்கும் பெட்டிக்கும் இடையே பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசம் இருந்தாலும், நம் 200 ஜிபி அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும்.

வேகத்தைக் குறைப்பது டிரைவே தான். அதற்குள் இருக்கும் கண்ட்ரோலர் தன் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. எல்லை நெருங்கியதும் ஒரு படி இறங்குகிறது, போதாவிட்டால் இன்னொரு படி. கொஞ்சம் ஆறியதும் மறுபடி ஏறுகிறது. அதனால்தான் காப்பி ஜன்னலில் கோடு ரம்பப் பல் போல ஏறி இறங்குகிறது.

எங்களோடு வேலைக்கு வரும் தம்பி ஒருவர் ஒருமுறை பதறிப்போய்க் கூப்பிட்டார்: “அண்ணே, பெட்டியில கை வைக்க முடியல, கொதிக்குது. டிரைவ் போயிடுமா?” அவர் வைத்திருந்தது அலுமினியப் பெட்டி. “வேகம் இறங்கலையே தம்பி? அப்போ விடுங்க, சூடு வெளிய வருது, நல்லதுதான்” என்றேன். நிறையப் பேர் தலைகீழாக நினைக்கிறார்கள். வெளியே சில்லென்று இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும். அது பிளாஸ்க் மாதிரி; உள்ளே இருப்பது ஆறாது.

ஆனால் வேகம் விழுந்தாலே சூடு என்று முடிவுகட்டக் கூடாது. இன்னொரு காரணமும் கிட்டத்தட்ட இதே முகத்தோடு வரும். இன்றைய டிரைவ்களில் பெரும்பாலானவை ஒரு செல்லில் மூன்று பிட் எழுதுபவை. அது மெதுவான வேலை என்பதால், காலியாக உள்ள செல்களில் முதலில் ஒரே ஒரு பிட்டை வேகமாக எழுதிவிட்டு, பிறகு ஓய்வில் அடுக்கி வைக்கும். அந்தத் தற்காலிக இடம் தீர்ந்ததும் வேகம் செங்குத்தாக விழும். டிரைவ் நிறைய நிறைய அந்த இடமும் சுருங்கும். இது சூட்டுப் பிரச்சினை இல்லை. விசிறி வைத்தாலும் மாறாது.

இரண்டையும் பிரிக்க நான் முதலில் செய்வது மேசை விசிறியைப் பெட்டியின் மேல் திருப்பிவிட்டு அதே ஃபைல்களை மறுபடி காப்பி செய்வது. இரண்டு முறையும் டிரைவ் ஆறியிருக்க வேண்டும், காலி இடமும் ஒரே அளவு இருக்க வேண்டும். சரிவு தள்ளிப்போனால் சூடு. அதே ஜிபியில் விழுந்தால் தற்காலிக இடம் தீர்ந்திருக்கிறது. இரண்டாவது சோதனை எனக்கு இன்னும் பிடித்தது: எழுதாமல் வாசிக்க மட்டும் செய்வது. வாசிப்புக்கு அந்தத் தற்காலிக இடம் தேவையே இல்லை. லினக்ஸில் டிரைவில் உள்ள ஒரு பெரிய ஃபைலை இப்படி ஓடவிடலாம்:

```
dd if=/media/ssd/film.mov of=/dev/null bs=4M iflag=direct status=progress
```

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் போய் இதுவும் தளர்ந்தால் சூடு என்று அநேகமாக உறுதியாகச் சொல்லலாம். தளராவிட்டால் மட்டும் சூட்டை விடுவித்துவிட முடியாது. எழுதுவதைவிட வாசிப்பது குறைவாகவே சூடேற்றும்.

டிரைவையே நேரடியாகக் கேட்கவும் வழி உண்டு. யூஎஸ்பிக்கும் எஸ்எஸ்டிக்கும் நடுவே ஒரு பாலச் சில்லு இருப்பதால், அதன் வகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்:

```
sudo smartctl -a -d sntrealtek /dev/sdb
```

பாலச் சில்லு வேறு நிறுவனத்தினுடையது என்றால் `sntasmedia` அல்லது `sntjmicron`. `sdb` என்பதும் உங்கள் கணினியில் வேறாக இருக்கலாம். காப்பி ஓடும்போதே `Temperature` என்ற வரியைச் சில நொடிக்கு ஒருமுறை பாருங்கள். வேகம் விழும் அதே கணத்தில் அது உச்சத்தில் நின்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இதைக் காட்டும். ஒரு எச்சரிக்கை: பாலச் சில்லும் தன் பங்குக்குச் சூடாகும், அதன் வெப்பம் இந்த வரியில் வராது.

காரணம் தெரிந்தபின் மருந்து எளிது. பலகையைத் தனியாக வாங்கிப் பெட்டியில் பொருத்தியவர்கள் முதலில் திருகைக் கழற்றித் தெர்மல் பேடைப் பார்க்க வேண்டும். அதன் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மூடியிருப்பது சாதாரணமாக நடக்கிறது. அடுத்தது தடிமன். மூடியை மாட்டி ஒருமுறை திறந்து பாருங்கள். பேடில் மூடியின் அழுத்தம் பதிந்திருக்க வேண்டும். பதியவில்லை என்றால் நடுவில் காற்று நிற்கிறது. இன்னும் அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தடித்த பேட் தேவை. ரொம்பத் தடித்ததைத் திணித்தால் பலகை வளையும். பாலச் சில்லின் மேலும் ஒரு துண்டு வையுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஒட்டி விற்கப்படும் பெட்டிகளைத் திறக்க முடியாது. அவற்றுக்குக் காற்றுதான் கதி.

காற்று சின்ன விஷயம் இல்லை. உள்ளங்கையளவு பெட்டி அசையாத காற்றில் ஐந்து வாட்டை முழுதாக விடவேண்டுமென்றால் அறையைவிட ஐம்பது டிகிரி ஏறியாக வேண்டும். ஒரு விசிறி இருந்தால் அது பாதிக்கும் கீழே வந்துவிடும். அறை வெப்பமும் அப்படித்தான்: 25 டிகிரி ஏசி அறையில் 70ஐ எட்ட 45 டிகிரி இடைவெளி இருக்கிறது, 40 டிகிரி மண்டபத்தில் முப்பதுதான். பெட்டியை லேப்டாப்பின் சூடான பக்கத்தை விட்டுத் தள்ளி, அலுமினியத் தட்டு கிடைத்தால் அதன் மேல் வையுங்கள். எவர்சில்வர் தட்டு பார்க்கப் பளபளப்பாக இருந்தாலும் சூட்டைக் கடத்துவதில் அலுமினியத்துக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து உடனே சொருகுவது மட்டும் வேண்டாம். வெளியே எடுத்த மறுநொடி நம் ஊர் ஈரக்காற்று அதன் மேல் வியர்த்து நிற்கும்.

வேகம் குறைவதால் ஃபைல் கெடாது, நேரம்தான் போகும். காப்பியின் நடுவே டிரைவ் கணினியிலிருந்தே காணாமல் போய்த் திரும்பி வந்தால் கதை வேறு. பாலச் சில்லு சூட்டில் விழுந்திருக்கலாம், கேபிள் சரியில்லாமல் இருக்கலாம், போர்ட் போதிய மின்சாரம் தராமல் இருக்கலாம். அப்போது பாதியில் நின்ற ஃபைலை நம்பாமல் அழித்துவிட்டு, வேறு கேபிளில் முதலிலிருந்து காப்பி செய்து, திறந்து ஓட்டிப் பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்ய வேண்டும்.