27-ஐ ஏன் 300 ஆக்குகிறோம்?

வேதியியல் கணக்கைக் கைப்பேசியில் படம் பிடித்து, தெரிந்தவருக்கு அனுப்பி விடை கேட்பது இன்று மாணவரிடையே வழக்கமாகிவிட்டது. அப்படி வரும் ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 5 லிட்டர் கொள்கலனில் 27 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும் 740 மி.மீ. பாதரச அழுத்தத்திலும் ஆக்ஸிஜன் இருக்கிறது. அதன் நிறை என்ன? நல்லியல்பு வாயுச் சமன்பாடான PV = nRT-ஐ எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்கு, "முதலில் அலகுகளை மாற்று" என்று வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். வெப்பநிலையை மாற்றுவதும் அழுத்தத்தை மாற்றுவதும் ஒரே வேலை என்ற எண்ணம் அந்த ஒரு வரியிலேயே மாணவர் மனதில் பதிந்துவிடுகிறது. அவை வேறு வேறு வேலைகள். அந்த வேறுபாடு பிடிபடாதவரை, எத்தனை கணக்குப் போட்டாலும் தவறு திரும்பத் திரும்ப வரும்.

அழுத்தத்தை மாற்றுவது வெறும் வகுத்தல்தான். 740-ஐ 760 ஆல் வகுத்தால் 0.974 வளிமண்டலம். அதை 5 லிட்டரால் பெருக்கி, R-இன் மதிப்பான 0.0821, வெப்பநிலையான 300 கெல்வின் இரண்டின் பெருக்கற்பலனால் வகுத்தால் 0.198 மோல், 32 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 6.33 கிராம். 740-ஐ மாற்றாமலே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. R-க்கு 62.36 என்ற மதிப்பை எடுத்தால் அது மி.மீ. பாதரசத்துக்கே பொருந்தும், அதே 0.198 மோல்தான் வரும். மாற்றாமல் விட்டுவிட்டு 0.0821-ஐயே போட்டாலும் தவறு ஒளிந்துகொள்ளாது. விடை 150 மோலைத் தாண்டும், அதாவது 5 லிட்டருக்குள் கிட்டத்தட்ட 5 கிலோ ஆக்ஸிஜன். அதை நம்ப யாரும் இல்லை.

வெப்பநிலைக்கு இந்தச் சலுகை கிடையாது. செல்சியஸுக்கென்று ஒரு R மதிப்பு எந்தப் புத்தகத்திலும் இல்லை, இருக்கவும் முடியாது. செல்சியஸின் பூஜ்ஜியம் பனிக்கட்டி உருகும் நிலையில் நாம் வைத்துக்கொண்ட குறி. அங்கே வாயுவின் கனஅளவு பூஜ்ஜியமாகிவிடுவதில்லை. சமன்பாட்டில் T பெருக்கலில் வருவதால், அதன் பூஜ்ஜியம் உண்மையான பூஜ்ஜியமாக இருந்தாக வேண்டும். மைனஸ் 13 டிகிரியை அப்படியே போட்டுப் பார்த்தால் மோல் எண்ணிக்கையே எதிர்க்குறியில் வரும். "273-ஐக் கூட்டு என்று மனப்பாடம் செய்தால் போதாதா?" என்று கேட்கலாம். தேர்வுக்குப் பல நேரம் போதும்தான். ஆனால் 27 டிகிரியிலிருந்து 54 டிகிரிக்குச் சூடாக்கினால் வாயு இரண்டு மடங்காக விரியுமா என்று கேட்டால், மனப்பாடம் மட்டும் செய்தவர் தயங்குவார். 300 கெல்வின் 327 ஆகிறது. அழுத்தம் மாறாதிருந்தால் விரிவு 9 சதவீதம்தான். வெப்ப ஏற்புக் கணக்கில் செல்சியஸையே வைத்துச் சரியான விடை வருகிறதே என்றும் கேட்பார்கள். அங்கே வருவது வெப்பநிலை வேறுபாடு. கழிக்கும்போது இரு பக்கத்து 273-உம் நீங்கிவிடுகிறது.

அப்படியானால் அழுத்தத்தில் பூஜ்ஜியச் சிக்கலே இல்லையா? உண்டு, அதைப் பாடப்புத்தகக் கணக்குகள் அரிதாகவே தொடுகின்றன. டயருக்குக் காற்று பிடிக்கும் மீட்டர் 32 பி.எஸ்.ஐ. என்று காட்டினால், அது வெளிக்காற்றுக்கு மேலே உள்ள மிகுதி மட்டுமே. உள்ளே இருக்கும் உண்மையான அழுத்தம், வளிமண்டலத்தின் 14.7-ஐயும் சேர்த்து 46.7. டயரின் கனஅளவு மாறவில்லை என்று கொண்டு, 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்குச் சூடானால் மீட்டர் எவ்வளவு காட்டும்? 32-ஐ நேராக 1.1 ஆல் பெருக்குகிறவருக்கு 35.2 கிடைக்கும். சரியான வழி 46.7-ஐப் பெருக்கி, பிறகு 14.7-ஐக் கழிப்பது, 36.7 வரும். ஆகவே எந்த அளவைப் பெருக்கப் போகிறோமோ, அதன் பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அலகு அதற்குப் பிறகு.

படத்தில் வரும் கணக்குக்கு இந்தக் கேள்வி இன்னும் அவசியம். நிழல் விழுந்து டிகிரிக் குறி மறைந்து, வெறும் 27 மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது கெல்வினாக இருக்க முடியாது என்பதை ஆக்ஸிஜனே சொல்லிவிடும்: 27 கெல்வினில் அது வாயுவே இல்லை, உறைந்த திண்மம். அதையும் மீறி 27-ஐப் போட்டால் 70 கிராம் வரும். லிட்டருக்கு 14 கிராம். அறை வெப்பநிலையில் வளிமண்டல அழுத்தத்தில் ஆக்ஸிஜன் லிட்டருக்கு 1.3 கிராம்தான். ஆனால் 740-க்குப் பக்கத்தில் உள்ள அலகு அழிந்திருந்தால் இப்படி ஊகிக்க வழியில்லை. மி.மீ. பாதரசமாகவும் இருக்கலாம், சிலிண்டரில் அடைத்த வாயுவின் 740 கிலோபாஸ்கலாகவும் இருக்கலாம், இரண்டும் நடக்கக்கூடியவையே. கணக்கைப் படமெடுத்து அனுப்புகிறவர்கள் எண்களை மட்டும் நெருக்கி எடுக்காமல், ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் உள்ள அலகு தெளிவாகத் தெரியும்படி முழுக் கேள்வியையும் எடுத்து அனுப்புங்கள்.