கரையில் நிற்பவருக்கு என்ன வேலை?

இந்த மே மாதம் மகளைக் கோவையில் ஒரு கோடை முகாமில் சேர்த்தோம். கட்டணம் 6,500 ரூபாய். நீச்சல், சிலம்பம், கைவினை மூன்றும் முடிந்து, வெயில் ஏறுவதற்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கைவினைக்கு மட்டும் தனியாக 400 ரூபாய் வாங்கினார்கள். ஐஸ் குச்சியில் பேனா ஸ்டாண்டு ஒன்று வீட்டுக்கு வந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சிலம்ப ஆசான் முதல் வாரம் முழுக்கக் காலடிதான் போட வைத்தார். கம்பு சுற்றும் ஆசையில் போன மகள் தினமும் முணுமுணுத்தாள். கம்பு கைக்கு வந்த அன்றும், கையை நீட்டிப் பிடித்த கம்பு பக்கத்தில் இருப்பவரைத் தொடாத தூரத்தில் ஒவ்வொருவராக நிறுத்திய பிறகே வீசச் சொன்னார். பாதுகாப்பு என்று அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பாடத்திலேயே அது இருந்தது.

நீச்சல் குளத்தில் நிலைமை வேறு. இருபது பிள்ளைகள், இரண்டு மாஸ்டர்கள். தண்ணீரில் நின்றவர் ஒரு குழந்தையின் வயிற்றைத் தாங்கிக் காலடிக்கக் கற்றுத்தரும்போது மற்றவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள். கரையில் இருந்தவர் வருகைப் பதிவேடு எழுதினார், கண்ணாடி மாட்டிவிட்டார், பெற்றோருக்குப் பதில் சொன்னார். தண்ணீரைப் பார்க்க ஆளில்லை. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்தாது. மூச்சுக்கே தவிக்கும் வாயிலிருந்து குரல் வராது. கைகள் தண்ணீரை அழுத்துவது தூரத்திலிருந்து விளையாட்டாகத்தான் தெரியும். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். கையில் மாட்டும் காற்றுப்பையை நம்ப முடியாது, கழன்றுவிடும்.

பொறுப்பாளரிடம் சொன்னேன். “இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்லைங்க” என்றார். வேறு எந்த வேலையும் இல்லாமல் தண்ணீரை மட்டும் பார்க்க ஓர் ஆள், இறங்கும்போதும் ஏறும்போதும் தலை எண்ணுவது, இந்த இரண்டையும்தான் கேட்டேன். இன்னும் சில பெற்றோரும் சேர்ந்துகொண்டதால் ஒரு வழி செய்தார்கள். பிள்ளைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து ஒரு குழு ஏறிய பிறகே அடுத்ததை இறக்கினார்கள், கரைக்குத் தனி ஆள் போட்டார்கள்.

உடனே வேறொரு குறை எழுந்தது. நாற்பது நிமிட நீச்சல் இருபதாகிவிட்டது, கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தர வேண்டாமா என்று ஒரு அப்பா கேட்டார். நியாயமாகத்தான் பட்டது, கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை. நாற்பது நிமிடத்தில் இருபது பேர் என்றால் மாஸ்டரின் கை ஒரு குழந்தைக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். இருபது நிமிடத்தில் பத்துப் பேர் என்றாலும் அதே இரண்டு நிமிடம். குறைந்தது ஆட்டம்தான், பாடம் இல்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்கு இவ்வளவு பணமா என்பது எனக்கும் இருக்கிற கேள்வி.

முகாம் முடியும்போது மகள் மிதக்கிறாள். தலையைத் திருப்பி மூச்சு வாங்க இன்னும் வரவில்லை. அடுத்த ஆண்டு சிலம்பத்துக்கு மட்டும் அனுப்பலாம் என்றிருக்கிறோம். நீச்சலுக்குச் சேர்ப்பதானால், பணம் கட்டும் முன் ஒரு காலை நேரம் போய்க் கரையில் நிற்பவரைப் பார்த்துவிட்டுத்தான்.